பிணையிட்ட தந்தையும் ஒத்திவைத்த தவணையும்

பல்கலைக்கழகங்களின் அழைப்புக் கடிதங்கள் வந்து சேரும் நாள்களில், தமிழ்ப்பள்ளிகளின் அலுவலக வாசலில் தந்தையர் சிலர் வந்து நிற்பர். அடையாள அட்டையின் படி, சம்பளச் சீட்டின் படி, மகனின் சான்றிதழ்ப் படி ஆகியவற்றைத் தலைமையாசிரியர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து முத்திரையிட்டுக் கையொப்பமிட்டுக் கொடுப்பார். படிகளுக்கு அடியில் இன்னொரு தாள்கட்டு இருக்கும். அதுவே பிணை ஒப்பந்தம். அதனை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. பார்ப்பவரிடமும் தந்தை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதிலே கையெழுத்துப் போட்டால் எனக்கு ஏதும் வருமா, சார்?"

அக்கேள்விக்கு அண்மைக் காலமாக நம் ஆசிரியர்களிடையே ஒரு விடை வழக்கத்தில் வந்துவிட்டது. "பயப்படாதீங்க ஐயா, சட்டம் மாறிவிட்டது. படிப்புக் கடனுக்கு ஜாமீன் நின்றவரை இனித் திவாலாக்க முடியாது" என்பதே அவ்விடை. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். சொன்ன செய்தியும் பொய்யன்று. ஆயினும் அது பாதி உண்மை. முழுப் பொய்யைக் கேட்டவன் என்றேனும் ஐயுறுவான்; பாதி உண்மையைக் கேட்டவன் ஐயுறாமல் கையொப்பமிடுவான். இவ்விடை எங்கே முடிகிறது, தந்தையின் துன்பம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சற்றே பொறுமையுடன் பார்த்தல் வேண்டும்.

முதலில் சட்டம் தந்தது என்ன என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்வோம். இந்நாட்டின் 1967-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில், 'சமூகப் பிணையாளர்' என்ற சொல்லுக்கு இடமுண்டு. இலாபம் கருதாமல் பிறரின் கல்விக் கடனுக்கோ உபகாரச் சம்பளத்திற்கோ, சொந்தப் பயன்பாட்டிற்கான வாகனத் தவணைக்கோ, குடியிருக்கும் வீட்டின் கடனுக்கோ பிணை நிற்பவரை அச்சொல் குறிக்கும். மகனின் படிப்புக்குக் கையொப்பமிட்ட தந்தை இவ்வகையினர். 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கடன் பெற்றவரிடம் வசூலிக்கும் எல்லா வழிகளும் முயன்று பார்க்கப்பட்டன என்று நீதிமன்றத்தில் மெய்ப்பித்த பிறகே இத்தகையவர்மீது திவால் நடவடிக்கை எடுக்க முடிந்தது. 2017 அக்டோபர் 6-ஆம் நாள் நடப்புக்கு வந்த திருத்தமோ அந்தக் கதவையே அடைத்துவிட்டது. சமூகப் பிணையாளர்மீது திவால் நடவடிக்கையைத் தொடங்கவே கடன் கொடுத்தவருக்கு உரிமையில்லை. இஃது ஒரு நல்ல சட்டம். பிள்ளையின் கடனால் திவாலாகி, கடப்பிதழை இழந்து, வங்கிக் கணக்கைத் திறக்கவும் அனுமதி கேட்டு நின்ற முதியவர்களுக்குப் பிறகு வந்த சட்டம்.

ஆனால் அடைக்கப்பட்ட கதவு எது? திவால் என்னும் ஒரே கதவுதான். கடன் அடைபட்டுவிடவில்லை, பிணையும் நீங்கிவிடவில்லை. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, பிணையாளரின் பொறுப்பு கடன் பெற்றவரின் பொறுப்புக்கு ஒத்த அளவினது என்கிறது. ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, மகன் எவ்வளவு கடன்பட்டிருக்கிறானோ அவ்வளவும் தந்தையின் கடனே. மகனிடம் முதலில் கேட்டு, கிடைக்காவிட்டால்தான் தந்தையிடம் வரவேண்டும் என்ற ஒழுங்கு இங்கே இல்லை. பணம் கேட்டு வழக்குத் தொடுக்கக் கடன் கொடுத்தவர் தமக்கு எளிதானவரைத் தேர்ந்துகொள்ளலாம். மகன் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அறைக்கு அறை மாறுகிறான். தொலைபேசி எண்ணையும் மாற்றிவிடுகிறான். தந்தையோ முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டு முகவரியில் இருக்கிறார். யாரைத் தேடுவது எளிது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. திவால் நடவடிக்கைக்குரிய கடன் எல்லை 2017-இல் 30,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாகவும், 2020-இல் 100,000 வெள்ளியாகவும் உயர்ந்து, பின்னர் அவ்வளவிலேயே நிலைபெற்றது. உள்நாட்டில் பட்டயமோ பட்டமோ படிக்கும் நம் பிள்ளைகள் பலரின் கடன் அவ்வளவை எட்டுவதில்லை. ஆகவே பிணையாளர் பாதுகாப்பு என்ற ஒன்று வராமலே இருந்தாலும், அக்கடன்களுக்காகத் தந்தை திவாலாவது இன்று அரிது. அதிகம் பேர் நுழையாத வாசலுக்குப் பூட்டு மாட்டிவிட்டு, எல்லாரும் நுழையும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறோம். அந்த வாசலுக்கு உரிமையியல் வழக்கு என்று பெயர்.

இங்கேதான் மொரட்டோரியம் என்று நாளேடுகள் எழுதும் தவணை ஒத்திவைப்பு நுழைகிறது. நம் மக்கள் அதனை ஒரு சலுகையாகவே அறிவர். படிக்கும் காலத்தில் கட்ட வேண்டா. படித்து முடித்தும் சில மாதங்கள் கட்ட வேண்டா. வேலையிழந்தால் விண்ணப்பித்து மேலும் சில மாதங்கள் தள்ளிப்போடலாம். மகனுக்கு மூச்சுவிட இடங்கொடுப்பது அது என்பது மெய்யே. ஆனால் அந்த மூச்சுக்கு யார் விலை கொடுக்கிறார் என்பதை ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலன்றி விளங்காது.

ஒரு தந்தை சுமையுந்து ஓட்டுநர் என்று வைத்துக்கொள்வோம். மகன் மூவாண்டுப் படிப்புக்கு ஒரு வங்கியில் 45,000 வெள்ளி கடன் பெறுகிறான். ஆண்டுத் தொடக்கத்தில் 15,000 வெள்ளி வீதம் மூன்று முறை பணம் விடுவிக்கப்படுகிறது. வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காடு. படிப்புக் காலத்திலும், முடிந்த பிறகு ஆறு மாதத்திற்கும் தவணை இல்லை. ஆனால் வட்டி உண்டு. முதலாண்டில் 900, இரண்டாமாண்டில் 1,800, மூன்றாமாண்டில் 2,700, அதன்பின் ஆறு மாதத்திற்கு 1,350. ஆக 6,750 வெள்ளி வட்டி சேர்ந்து, முதல் தவணை தொடங்கும் நாளில் கடன் 51,750 வெள்ளியாக நிற்கிறது. தந்தை கையொப்பமிட்ட தாளில் 45,000 என்றிருந்தது அவருக்கு நினைவிருக்கும். மேற்கொண்டு வந்த 6,750 அவர் நினைவில் இராது.

இத்தொகையைப் பத்தாண்டில் கட்டி முடிக்க மாதத் தவணை ஏறத்தாழ 575 வெள்ளி. மகன் எட்டு மாதம் ஒழுங்காகக் கட்டுகிறான். 4,600 வெள்ளி கட்டியபின் கடன் ஏறத்தாழ 49,180 வெள்ளிக்கு இறங்குகிறது. கட்டியதில் பாதிக்குச் சற்றே குறைந்த பங்கு வட்டிக்கே போயிருப்பது தெரிகிறதல்லவா? அப்போது அவன் வேலை போகிறது. வங்கிக்கு எழுதுகிறான், வங்கியும் இரக்கத்தோடு ஓராண்டு ஒத்திவைப்புத் தருகிறது. அந்த ஓராண்டில் மாதம் 246 வெள்ளி வீதம் வட்டி ஏறி, கடன் 52,130 வெள்ளியாகிறது. எட்டு மாதம் பணம் கட்டிய ஒருவன், தவணை தொடங்கிய நாளில் இருந்ததைவிட அதிகமான கடனோடு நிற்கிறான்! இதில் எவரும் ஏமாற்றவில்லை; கணக்கில் பிழையும் இல்லை. ஒத்திவைப்பு என்பது தவணையை நிறுத்துவதேயன்றி வட்டியை நிறுத்துவதன்று, அவ்வளவுதான். 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, பெருந்தொற்றுக் காலத்தில் வங்கிக் கடன்களுக்கு ஆறு மாத ஒத்திவைப்பு அளிக்கப்பட்டதை நாமெல்லாரும் அறிவோம். அக்காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடன்காரர் பலர் அதனைப் பின்னரே உணர்ந்தனர்.

வங்கிக் கடனை எடுத்துக்காட்டியது கணக்கு எளிதாக விளங்கும் என்பதால்தான். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய பி.டி.பி.டி.என். கடனில் ஆண்டுக்கு 1 விழுக்காடு 'உஜ்ரா' கட்டணமே உண்டு. அங்கே கடன் வளர்வது மெதுவாக. கூட்டுறவுக் கழகங்களும் அறவாரியங்களும் தரும் கடன்களில் வட்டியே இல்லாதனவும் உண்டு. ஆனால் பிணையாளர் ஒருவர் இருக்கும் எந்த ஒப்பந்தத்திலும், அடுத்துச் சொல்லப்படும் குறை பொதுவானது.

ஓராண்டு ஒத்திவைப்பு என்னும் புதிய உடன்பாடு வங்கிக்கும் மகனுக்கும் இடையே நடந்தது. தந்தையை யாரும் கேட்கவில்லை. அவருக்குக் கடிதமும் வரவில்லை. அவர் பொறுப்பேற்ற கடனின் காலமும் அளவும் மாறின. அவருக்கு மட்டும் தெரியாது. இது நியாயமா என்று கேட்டால், சட்டமே 'அன்று' என்று சொல்லியிருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒப்பந்தச் சட்டத்தின் 86-ஆம் பிரிவின்படி, பிணையாளரின் இசைவின்றி ஒப்பந்தத்தின் விதிகள் மாற்றப்பட்டால், அம்மாற்றத்திற்குப் பிந்திய நடவடிக்கைகளைப் பொறுத்தவரை அவர் விடுபடுகிறார். 88-ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. கடன் கொடுத்தவர், கடன் பெற்றவருக்குக் கால நீட்டிப்புத் தருவதாக வாக்களித்து ஒப்பந்தம் செய்தால், பிணையாளர் அதற்கு இசைந்தாலன்றி அவர் பிணையிலிருந்து விடுபடுகிறார். வெறுமனே வழக்குத் தொடுக்காமல் காத்திருப்பது வேறு; அதனால் பிணை நீங்காது என்று 90-ஆம் பிரிவு வேறுபடுத்திக் காட்டுகிறது. காத்திருத்தலும் காலந்தருதலும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் வகுத்தவர் எவ்வளவு நுட்பமாக எண்ணியிருக்கின்றனர்!

அப்படியானால், அந்த ஓட்டுநர் விடுதலையாகிவிட்டார் அல்லவா? இல்லை. அவர் புரட்டாத தாள்கட்டின் நடுப்பக்கத்தில் ஒரு வாசகம் இருக்கும். "கடன் பெற்றவருக்குக் கால நீட்டிப்போ வேறு எந்தச் சலுகையோ அளிப்பதால் பிணையாளரின் பொறுப்பு குறையாது; அதற்கு அவருக்கு அறிவிப்புத் தரவும் வேண்டியதில்லை" என்பது அதன் சாரம். சில ஒப்பந்தங்கள் இன்னும் ஒருபடி மேற்சென்று, பிணையாளரையும் முதன்மைக் கடனாளியைப்போலவே கருதலாம் என்றும் எழுதிவைக்கும். சட்டம் ஒரு கையால் கொடுத்ததை ஒப்பந்தம் மறு கையால் வாங்கிக்கொள்வதற்கு நீதிமன்றங்கள் தடை சொல்லவில்லை. பிணையாளர் தமக்குச் சட்டம் தந்த பாதுகாப்பை ஒப்பந்தத்தின் மூலம் விட்டுக்கொடுக்கலாம் என்பதை, 1984-இல் இந்நாட்டிலிருந்து சென்ற ஒரு வங்கி வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சிலே ஏற்றுக்கொண்டது. வணிகர்கள் தமக்குள் பேரம்பேசி எழுதும் பிணைக்கு அது பொருந்தலாம். ஆங்கிலத்திலோ மலாயிலோ அச்சிட்டு வந்த இருபது பக்கத்தில், கோடிட்ட இடத்தில் மட்டும் கையொப்பமிடும் ஒரு தொழிலாளி எதை விட்டுக்கொடுத்தார்? விட்டுக்கொடுப்பதற்கு முதலில் அது தம்மிடம் இருந்ததென்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

மகனின் ஒத்திவைப்புக் காலம் முடிகிறது. புதிய வேலையில் சம்பளம் குறைவு, தவணை விடுபடுகிறது. ஒன்று, இரண்டு, ஆறு. வங்கி கடன் முழுவதையும் ஒரே முறையாகத் திருப்பக் கேட்கிறது. வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து தொகை 55,000 வெள்ளியை நெருங்கும். அப்போதுதான் தந்தைக்கு முதன்முறையாக ஒரு கடிதம் வருகிறது. வழக்கறிஞர் நிறுவனத்தின் தலைப்பிட்ட தாள். அதனைப் பார்த்ததும் மகனை அழைக்கிறார். மகன் "நான் பார்த்துக்கொள்கிறேன் அப்பா" என்கிறான். கடிதம் அலமாரிக்குள் போகிறது.

இந்த அலமாரிதான் தந்தையரின் பெரும் பகைவன். அடுத்து வருவது நீதிமன்ற அழைப்பாணை. 100,000 வெள்ளிக்குட்பட்ட வழக்காதலின் அது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து வரும். கையில் சேர்ந்த நாளிலிருந்து 14 நாளுக்குள், வழக்கில் தோன்றுவதாகப் பதிவுசெய்ய வேண்டும். செய்யாவிட்டால், எதிர்த்தரப்பு வராத காரணத்தால் வழக்குத் தொடுத்தவர் கேட்டபடியே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். தொகை சரியா, விதித்த கட்டணம் முறையா, கையொப்பம் எதற்கு இடப்பட்டது என்ற கேள்விகளுக்கெல்லாம் இடமிருந்த ஒரே வேளை அந்தப் பதினான்கு நாள்தான். தீர்ப்புக்குப் பிறகு அதனை நீக்கக் கோரும் வழி உண்டெனினும் அது கடினமும் செலவும் மிக்கது. தீர்ப்பின் தொகைக்கும் ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி ஏறக்கூடும். அத்தீர்ப்பைக் கொண்டு 12 ஆண்டுகள்வரை தந்தையைத் தொடரலாம்.

தீர்ப்பைப் பெற்றவர் கையில் உள்ள கருவிகள் பல. வீட்டுப் பொருள்களைக் கைப்பற்றி விற்க ஆணை பெறலாம். தந்தையின் பெயரிலுள்ள வீட்டையோ நிலத்தையோ விற்கவோ மாற்றவோ முடியாதபடி தடையாணை பெற்று, பின் ஏலத்திற்கும் கொண்டுவரலாம். நீதிமன்றத்திற்கு அழைத்து வரவுசெலவை விசாரித்து, மாதம் இவ்வளவு கட்டு என்று ஆணையிடச் செய்யலாம். வங்கிக் கணக்கிலுள்ள பணத்தை அங்கேயே முடக்கித் தமக்குத் தரச் செய்யலாம். இறுதியாகச் சொன்னதைத்தான் நம்மவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். காரணம், ஊழியர் சேமநிதி.

ஊழியர் சேமநிதியில் இருக்கும் பணத்தை எந்தக் கடன்காரரும் தொட முடியாது. 1991-ஆம் ஆண்டுச் சேமநிதிச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு அதனைக் காக்கிறது. நீதிமன்ற ஆணையும் அதைப் பற்றாது. ஆனால் அந்தக் காப்பு, பணம் நிதியத்தில் இருக்கும்வரைதான். 55 வயதில் தந்தை மொத்தத்தையும் எடுத்துத் தம் சேமிப்புக் கணக்கில் போட்ட அந்நாளே அது சாதாரண வங்கிப் பணமாகிவிடுகிறது. கணக்கை முடக்கும் ஆணை அதன்மேல் விழலாம். ஆயுள் முழுதும் வியர்வை சிந்திச் சேர்த்ததை, பாதுகாப்பான இடத்திலிருந்து தாமே எடுத்துவந்து பாதுகாப்பற்ற இடத்தில் வைத்தார் என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார். திவாலாகவில்லை, உண்மைதான். கடப்பிதழும் கையில் இருக்கிறது. கணக்கில் பணம்தான் இல்லை.

பணம் கட்டிய பிணையாளருக்குச் சட்டம் ஓர் ஆறுதலும் வைத்திருக்கிறது. முறையாகக் கட்டிய தொகையைக் கடன் பெற்றவரிடமிருந்து திரும்பப் பெற அவருக்கு உரிமையுண்டு என்கிறது 98-ஆம் பிரிவு. அதாவது, தந்தை மகன்மீது வழக்குத் தொடுக்கலாம். எந்தத் தந்தை தொடுப்பார்? பிணையாளர் இருவர் இருப்பின், ஒருவர் கட்டியதில் பாதியை மற்றவரிடம் கேட்கலாம். ஆனால் கடன் கொடுத்தவர் முழுத்தொகையையும் ஒருவரிடமே கேட்கும்படிதான் ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கும். அந்த ஒருவர் பெரும்பாலும் நிலையான சம்பளமுள்ளவராக இருப்பார். உறவினர் பிள்ளைக்கும் முன்னாள் மாணவருக்கும் இரக்கப்பட்டுக் கையொப்பமிட்ட ஆசிரியர்கள் நம்மிடையே குறைவா?

இவை போதாவென்று இன்னொரு பொறியும் இருக்கிறது. சட்டம் காப்பது சமூகப் பிணையாளரை. தந்தையின் பெயர் ஒப்பந்தத்தில் 'பிணையாளர்' என்ற இடத்தில் இல்லாமல் 'கூட்டுக் கடனாளி' என்ற இடத்தில் இருந்தால், அவர் பிணையாளரே அல்லர். தாமே கடன் வாங்கியவர். 2017-ஆம் ஆண்டின் காப்பு அவருக்கு இல்லை. மகனுக்கு வருமானம் இல்லாத காரணத்தால் தந்தையைக் கூட்டுக் கடனாளியாக்கிக்கொள்ளும் வழக்கம் தனியார் கடன்களில் உண்டு. மேசைக்கு அப்பாலிருப்பவர் "எல்லாம் ஒன்றுதான், ஐயா" என்பார். ஒன்றல்ல. ஒரே ஒரு சொல்லின் மாற்றம் திவாலுக்கும் திவாலின்மைக்கும் இடையே நிற்கிறது. வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு இலட்சக்கணக்கில் வாங்கும் கடன்களில் இச்சொல்லின் கனம் சொல்லி முடியாது.

பிணையே வேண்டா என்றால் ஏழைப் பிள்ளைக்குக் கடன் கொடுக்க யார் முன்வருவார் என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. கொடுத்த பணம் திரும்பி வந்தால்தான் அடுத்த மாணவனுக்குக் கொடுக்க முடியும் என்பதையும், வேலை கிடைத்தும் கடனைக் கட்டாமல் வாகனம் மாற்றுகின்ற பட்டதாரிகள் உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. அவர்களுக்காக வாதாடவும் இங்கே இடமில்லை. ஆனால் கடன் கொடுத்தவரின் பாதுகாப்பு வேறு, தந்தையின் அறியாமை வேறு. முன்னதற்குப் பின்னது தேவையில்லை. பிணையாளருக்கும் ஒரு கடிதம் அனுப்புவதால் எந்த வங்கியும் நொடித்துப்போகாது. உண்மையில், இரண்டாம் தவணை விடுபட்டபோதே தந்தைக்குத் தெரிந்திருந்தால், வீட்டில் பேசி 575 வெள்ளியில் பாதியையேனும் கட்டியிருப்பார். 55,000 வெள்ளியாகப் பெருகிய பிறகு அவரிடம் வருவது எவருக்கும் நன்மையன்று.

கேட்கவேண்டியவை மூன்றே. ஒத்திவைப்போ மறுசீரமைப்போ செய்யும் ஒவ்வொரு முறையும் பிணையாளரின் எழுத்து மூலமான இசைவைப் பெற வேண்டும். பெறாவிட்டால் 88-ஆம் பிரிவு அவரைக் காக்க வேண்டும். கல்விக் கடனைப் பொறுத்தவரை அப்பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் வாசகம் செல்லாதென்று சட்டம் சொல்ல வேண்டும். 2017-இல் திவாலைப் பற்றி ஒரு வரி எழுத முடிந்த நாடாளுமன்றத்திற்கு இந்த ஒரு வரி பெரிதன்று. இரண்டாவது, பிணையின் அளவு தாளில் எழுதிய முதலோடும் ஒரு குறித்த வட்டியோடும் நிற்க வேண்டும். 'செலுத்தவேண்டிய அனைத்தும்' என்று எல்லையின்றி ஓடக்கூடாது. மூன்றாவது, முதல் தவணை விடுபட்டதும் பிணையாளருக்கு அறிவிக்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை நம் ஆசிரியர்கள் என்ன செய்வது? படிகளை உறுதிப்படுத்த வரும் தந்தையிடம் அந்த அடித்தாள்கட்டையும் வாங்கிப் பார்க்கலாம். அவர் பெயர் எந்தத் தலைப்பின்கீழ் இருக்கிறது, பொறுப்புக்கு எல்லை எழுதியிருக்கிறதா, கால நீட்டிப்புப் பற்றிய வாசகம் எப்பக்கத்தில் உள்ளது என்பனவற்றைத் தமிழில் படித்துச் சொல்ல அரைமணி நேரம் போதும். ஒப்பந்தத்தின் படி ஒன்று தந்தையிடமே இருக்கவேண்டும் என்று சொல்லலாம். மகனிடம் மட்டும் இருப்பதுதான் இன்றைய வழக்கம். மகன் ஒத்திவைப்புக் கேட்டால் தந்தையிடம் சொல்லிவிட்டே கேட்கவேண்டும் என்பதைப் பட்டப்படிப்புக்குப் போகும் மாணவனுக்கும் சொல்லலாம். அவனுக்கும் இது தெரியாது.

கையொப்பமிட்டு முடித்தவர்களுக்கும் வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. வழக்கறிஞரின் கடிதம் வந்தவுடன் கடன் கணக்கின் முழு அறிக்கையை எழுத்து மூலம் கேட்கலாம். ஒத்திவைப்பு எப்போது, எத்தனை முறை அளிக்கப்பட்டது என்பது அதில் தெரியும். கால நீட்டிப்பு வாசகம் இல்லாத பழைய ஒப்பந்தம் ஏதும் கையிலிருந்தால் 88-ஆம் பிரிவு உயிர்பெறலாம். அதனை ஒரு வழக்கறிஞர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது. தவணையைக் குறைத்துப் பேச ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் கட்டணமின்றி உதவுகிறது. அழைப்பாணை வந்துவிட்டால் உறையின்மேல் அது கைக்கு வந்த தேதியை எழுதிக்கொண்டு, மகனை அழைப்பதற்கு முன்னரே பதினான்கு நாளை எண்ணத் தொடங்க வேண்டும்.